ஸ்பேடு பிடித்து ஒரு பாத்தி: காலால் தோண்டினால் இடுப்பு ஏன் தப்பிக்கிறது

பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு காய்கறிப் பாத்தி. செம்மண் கலந்த வண்டல், இரண்டு வருடமாகக் கைபடாமல் இறுகிக் கிடந்த தரை. பத்து அங்குல ஆழத்துக்கு மண்ணைப் புரட்டி, தொழுவுரம் சேர்த்து, கத்தரிக்கும் மிளகாய்க்கும் தயார் செய்ய வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் கணக்குப் போட்டால் இந்தச் சின்னப் பாத்தியிலேயே கிட்டத்தட்ட 0.9 கன மீட்டர் மண் இருக்கிறது. ஈரமான மண் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.6 கிலோ எடை வரும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,400 கிலோவுக்கு மேல். ஸ்பேடால் ஒரு தடவைக்கு ஏழு கிலோ எடுத்தாலும் இருநூறு தடவைக்கு மேல் செய்ய வேண்டிய ஒரே அசைவு இது. ஒரு தடவை தப்பாகச் செய்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இருநூறு தடவை தப்பாகச் செய்தால்தான் மறுநாள் காலை செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாமல் போகிறது.

இங்கே ஸ்பேடு என்பது நம் மண்வெட்டி அல்ல. மண்வெட்டியில் தகடு காம்புக்குக் குறுக்கே இருக்கும். ஓங்கி வெட்டி நம்மை நோக்கி இழுப்போம். ஸ்பேடில் தகடும் காம்பும் ஒரே கோட்டில் இருக்கும். தகட்டின் மேல்விளிம்பை மிதித்து மண்ணுக்குள் இறக்குவோம். மண்வெட்டியில் வெட்டுக்கான விசை தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வந்தாக வேண்டும், காலுக்கு அதில் நேரடி வேலை கிடையாது. ஸ்பேடில் காலே முதன்மை. ஆனாலும் ஸ்பேடு வாங்கி அதை மண்வெட்டி மாதிரியே குனிந்து பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் இரண்டு கருவிகளின் கெடுதலும் ஒன்றாக வந்து சேரும்.

கருவி

ஹார்ட்வேர் கடையில் கான்கிரீட் கலவை அள்ளுவதற்கென்று விற்கும் ஷவலின் தகடு அகலமாகவும் குழிவாகவும் முனை முன்னோக்கி வளைந்தும் இருக்கும். அதை மிதித்தால் நேராக இறங்காது, வழுக்கி முன்னால் ஓடும். தோண்டுவதற்கு வேண்டியது ஏறக்குறைய தட்டையான தகடு: அகலம் 17 அல்லது 18 சென்டிமீட்டர், நீளம் 28 சென்டிமீட்டரை ஒட்டி. தகட்டின் மேல்விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருக்க வேண்டும்; அதுதான் மிதி. மடிப்பு இல்லாத வெறும் தகட்டு விளிம்பை மிதித்தால் பத்து நிமிடத்தில் உள்ளங்கால் வலித்து, அதைத் தவிர்க்க ஆள் தன்னையறியாமல் கையால் அமுக்க ஆரம்பித்துவிடுவார்.

காம்பின் நீளத்தைத் தகட்டைத் தரையில் நிறுத்திப் பாருங்கள். கைப்பிடி உங்கள் முழங்கை உயரத்துக்கு வந்தால் சரி. தொப்புளுக்குக் கீழே நின்றுவிட்டால் தகடு முழுதாக இறங்கும்போது கைப்பிடி தொடை வரை போய்விடும். அந்த நேரத்தில் குனியாமல் இருக்க யாராலும் முடியாது. உயரமானவர்கள் குட்டைக் காம்பு ஸ்பேடை வைத்துக்கொண்டு முதுகை நேராக வைக்கப் பாடுபடுவது வீண்வேலை. காம்பை மாற்றுவதுதான் வழி.

தகட்டின் முனையைக் கூர் தீட்டுவதைப் பலர் செய்வதே இல்லை. கணக்கு எளிது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழு எடையையும் மிதியில் போட்டால், 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மழுங்கிய முனைக்குக் கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. அதே முனையை அரை மில்லிமீட்டருக்குத் தேய்த்துவிட்டால் அழுத்தம் நான்கு மடங்கு. தட்டை அரத்தால் ஒரே பக்கத்தில், தகட்டின் முன்பக்கம், 45 பாகைச் சரிவில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்தால் போதும். கத்தி மாதிரி ஆக்க வேண்டாம், முதல் கல்லிலேயே மடங்கிவிடும்.

காலுக்கு அடிப்பாகம் கெட்டியான ஷூ. ரப்பர் செருப்போடு மிதிப்பதும் வெறுங்காலோடு மிதிப்பதும் ஒன்றுதான். மிதிக்கு மேல் வைக்க வேண்டியது கால்விரல் பக்கம் அல்ல. விரல் பக்கத்தால் மிதித்தால் கெண்டைச்சதை சீக்கிரம் களைக்கும், கணுக்காலும் ஆடும். குதிகாலுக்குச் சற்று முன்னால், ஷூவின் அடி வளையாத இடத்தில் மிதியைக் கொடுங்கள்.

மண்ணின் ஈரம்

காய்ந்து இறுகிய மண்ணில் எந்த உத்தியும் உதவாது. தகடு பாதியில் நின்றுவிடும், ஆள் குதித்து மிதிப்பார், அடுத்தது கணுக்கால் மடங்கும். தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்பு மாலையில் பாத்தி முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் தெளித்துவிடுங்கள். தோண்டப்போகும் அன்று நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் இன்னும் தண்ணீர் போதவில்லை. தட்டினால் உதிராமல் பள்ளம் மட்டும் விழுந்தால் ஈரம் அதிகம், ஒரு நாள் பொறுங்கள். ஈரம் மிஞ்சிய களிமண் தகட்டில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ கூடுதலாகத் தூக்குவீர்கள், உதறுவதற்கு இடுப்பை வெட்டுவீர்கள். அந்த உதறலிலும் இடுப்புப் பிடிப்பு வரும்.

சரளை மண்ணென்றால் இந்தப் பதிவே பொருந்தாது. அங்கே முதலில் கடப்பாரை, பிறகு மண்வெட்டி.

முதுகுத் தசை எவ்வளவு இழுக்கிறது

மேலே போகுமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. மீதி எல்லாம் இதிலிருந்து வருகிறது.

இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேல். 60 கிலோ ஆளுக்கு 33 கிலோ என்று வைப்போம். குனியும்போது இந்த 33 கிலோவும் கையில் இருக்கும் பாரமும் சேர்ந்து உடம்பை முன்னால் கவிழ்க்கப் பார்க்கின்றன. கவிழாமல் பிடித்து இழுப்பது முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகள். அவை எலும்பின் மூட்டு மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. பாரமோ அரை மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சின்னப் பக்கத்தில் நின்று பெரிய பக்கத்தைச் சமாளிக்க வேண்டும் என்பதால் தசை பல மடங்கு இழுத்தாக வேண்டும்.

காலை நீட்டி, முதுகை ஏறக்குறைய தரைக்கு இணையாகக் குனிந்து தூக்கினால், மேலுடம்பின் எடை கீழ்முதுகிலிருந்து ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் முன்னால் விழும். மண்ணும் ஸ்பேடும் சேர்ந்து 9 கிலோ, 70 சென்டிமீட்டர் முன்னால். இரண்டையும் பெருக்கிக் கூட்டி ஐந்தால் வகுத்தால் தசையின் இழுப்பு 310 கிலோ வருகிறது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உடம்பை முப்பது பாகை மட்டும் முன்னால் சாய்த்து, ஸ்பேடுக்கு நெருங்கி நின்றால் முதல் தூரம் 15, இரண்டாவது 45 ஆகக் குறைகிறது. இழுப்பு 180 கிலோ. இவை தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. குனிந்த நிலையில் மண்ணே இல்லாமல் இரண்டு கிலோ வெறும் ஸ்பேடை மட்டும் பிடித்திருந்தாலும் இழுப்பு 210 கிலோவைத் தாண்டுகிறது. முழங்கால் மடக்கி மண்ணோடு தூக்குவதைவிட, குனிந்து சும்மா நிற்பது அதிக வேலை. முதுகுக்குப் பெரிய பாரம் மண் அல்ல, நம் உடம்பேதான். ‘கொஞ்சமா அள்ளு, இடுப்பு வலிக்காது’ என்று சொல்வது பாதி மட்டுமே உண்மை.

முழங்காலை மடக்கினால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. மடக்கிய முழங்கால் முன்னால் நீட்டிக்கொண்டு, பாரம் அதற்கும் அப்பால் இருந்தால் 70 சென்டிமீட்டர் 70 ஆகவேதான் இருக்கும். முதுகுக்கு மிச்சமாவது கொஞ்சமே, முழங்காலுக்கு வேறு செலவு. முழங்கால் மடக்குவதன் பயன் இரண்டுதான்: உடம்பு சாயும் அளவு குறைவது, பாரத்துக்குக் கிட்டே போக முடிவது. இரண்டும் நடக்கவில்லை என்றால் அது வெறும் தோப்புக்கரணம்.

மிதிப்பது

கயிறு கட்டிப் பாத்தியை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டடி அகலத்தில் இடப்பாதி, வலப்பாதி. காரணம் பின்னால் வரும்.

ஸ்பேடைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சாய்த்து வைத்தால் காலுக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் பத்து அங்குலம் போக வேண்டிய இடத்தில் ஆறு அங்குலமே போகும். ஆழம் போதாமல் அதே இடத்தை மறுபடியும் கொத்த வேண்டி வரும். முந்தைய வெட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் பின்னால் தகடு நிற்கட்டும். இரண்டு கையும் கைப்பிடியில், காம்பு ஆடாமல் பிடிக்க மட்டும்.

ஒரு காலைத் தூக்கி மிதியில் வையுங்கள், முழங்கால் மடங்கியிருக்கும். இடுப்பை அந்தக் காலுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். இப்போது தரையில் இருக்கும் மற்றக் காலின் குதிகாலைத் தூக்குங்கள். அவ்வளவுதான் மிதிப்பு. உடம்பின் முழு எடையும் மிதிக்கு மாறி, தகடு தானாக இறங்கும்.

மற்றக் கால் தரையில் முழுதாக ஊன்றியிருந்தால் எடை இரண்டு காலுக்கும் பங்காகிப் போகும். பாதி எடைதான் தகட்டுக்குக் கிடைக்கும். போதவில்லை என்று தோன்றும், உடனே ஆள் கைப்பிடி மேல் கவிழ்ந்து தோளால் அமுக்குவார். அந்த அமுக்கல் எங்கிருந்து வருகிறது? அதே உடம்பு எடையிலிருந்துதான், ஆனால் வளைந்த முதுகு வழியாக. நிதானமாகச் செய்யும் தோண்டலில் தகட்டுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச விசை உங்கள் எடை. அதைக் கால் வழியாகக் கொடுத்தால் இலவசம், கை வழியாகக் கொடுத்தால் முதுகு கூலி கேட்கும்.

தகடு பாதியில் நின்றால் இன்னும் பலமாக மிதிக்காதீர்கள். கைப்பிடியை இடமும் வலமும் ஒரு சாண் அளவுக்கு ஆட்டிக்கொண்டே எடையைப் போடுங்கள். முனையின் மூலைகள் மாறி மாறி வெட்டி இறங்கும். ‘டங்’ என்று சத்தம் வந்து கைப்பிடி அதிர்ந்தால் அது கல். இரண்டு அங்குலம் தள்ளி இறக்குங்கள். சத்தமில்லாமல் ரப்பரை மிதித்ததுபோல் எகிறினால் வேர். வேரைத் தகட்டால் வெட்டலாம், நெம்பக் கூடாது. இரண்டு காலையும் மிதியில் வைத்து ஏறிக் குதிப்பது கூடவே கூடாது. ஸ்பேடு சாய்ந்தால் காம்போடு சேர்ந்து விழுவீர்கள்.

நெம்புவது

தகடு முழுதாக இறங்கியபின் கட்டியின் இரண்டு ஓரத்தையும் விடுவிக்க வேண்டும். வரிசையின் முதல் கட்டிக்கு மட்டும் இரண்டு ஓரத்திலும் ஸ்பேடைக் குறுக்காக நிறுத்தி ஒவ்வொரு மிதி மிதித்து வெட்டிவிடுங்கள். பக்கத்துக் கட்டி போனபின் அடுத்தவற்றுக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும், மறு ஓரத்தை மட்டும் வெட்டினால் போதும். ஓரம் விடுபடாத கட்டியை நெம்பினால் நீங்கள் ஒரு கட்டியை அல்ல, பக்கத்து மண்ணையும் சேர்த்துக் கிழிக்கிறீர்கள்.

பிறகு காலை மிதியிலிருந்து எடுத்து அரையடி பின்னால் வையுங்கள். கைகளை நீட்டியே வைத்துக்கொண்டு, முழங்கால் இரண்டையும் மடக்கிப் பின்னால் உட்காரப் போவதுபோல் இடுப்பைத் தாழ்த்துங்கள். கைப்பிடி உங்களோடு பின்னால் வரும். மண்ணின் மேல்விளிம்பு நெம்புகோலின் தாங்குபுள்ளியாக வேலை செய்கிறது: மேலே 75 சென்டிமீட்டர் காம்பு, கீழே தகட்டின் நடு வரை 12 சென்டிமீட்டர். ஆறு மடங்கு லாபம். பத்துக் கிலோ இழுத்தால் கீழே அறுபது கிலோ. அந்தப் பத்துக் கிலோவை உடம்பைப் பின்னால் சாய்த்தே கொடுத்துவிடலாம், முழங்கையை மடக்கி இழுக்க வேண்டியதில்லை. கட்டி ‘பொத்’ என்று பிரியும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கைப்பிடியைத் தரையை நோக்கி அமுக்கினால் காம்பு தகட்டின் கழுத்தில் முறியும். ஸ்பேடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சாகின்றன.

தூக்குவது

இதுதான் முதுகு கெடும் இடம்; இதற்குத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.

கட்டி பிரிந்தவுடன் உங்கள் உடம்பு சற்றுப் பின்னால் இருக்கிறது, முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன. அப்படியே தூக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தூக்காதீர்கள். முதலில் ஒரு காலை முன்னால், தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். முன் முழங்கால் மடங்கி, பின் கால் ஓரளவு நீண்டு, ஒரு அரை எட்டு வைத்த நிலை. வலது கை கீழே என்றால் வலது கால் முன்னால். கீழ்க்கையைக் காம்பு வழியாக வழுக்கித் தகட்டின் கழுத்துக்குக் கிட்டே கொண்டுபோங்கள். கீழ்க்கை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு குனிய வேண்டியதில்லை என்று சிலர் அதை நடுக்காம்பிலேயே வைத்துக்கொள்வார்கள். அப்போது கீழ்க்கை தூக்க வேண்டிய விசை இரு மடங்காகிவிடும், கட்டியும் கழுத்தில் கவிழும்.

இப்போது காம்பை, கீழ்க்கையின் முன்னங்கைக்கு அருகே, முன் தொடையின் மேல் சாய்த்து வையுங்கள். மேல்கை கைப்பிடியைக் கீழே அமுக்கட்டும். காம்பு தொடையின் மேல் நெம்புகோல் ஆகிறது. கட்டி தானாக எழும். மண்ணின் எடை கை, தோள், முதுகு என்று சுற்றிக்கொண்டு போகாமல் தொடை வழியாக நேரே பாதத்துக்கு இறங்கிவிடுகிறது. முன்பு சொன்ன கணக்கில் 180 கிலோவாக இருந்த முதுகுத் தசையின் இழுப்பு இந்த நிலையில் 120க்கு அருகில் வருகிறது. மிச்சமிருப்பது பெரும்பாலும் சாய்ந்த உடம்பின் பாரம் மட்டுமே. முதுகைக் காப்பாற்றும் உத்திகளில் இதைவிட மலிவானது வேறில்லை. இருந்தும், முழங்காலை மடக்கச் சொல்கிறவர்களில் நிறையப் பேர் தொடையைப் பற்றிச் சொல்வதில்லை.

இனி முன் முழங்காலை நிமிர்த்துங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக எழ வேண்டும். இடுப்பு முதலில் எழுந்து தோள் பின்தங்கினால், மண் அசையுமுன்பே கால் நீண்டுவிட்டது. மீதித் தூக்கல் முழுவதும் முதுகுக்கு. பக்கவாட்டிலிருந்து யாரையாவது கைப்பேசியில் நாலைந்து தூக்கல் வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். தனக்குத் தெரியாது, எல்லோருக்கும் தாம் நேராகத்தான் தூக்குகிறோம் என்ற நினைப்பு.

முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும்? நாற்காலியில் உட்காரும் அளவில் பாதி. குத்துக்காலிடும் அளவுக்குப் போனால் முட்டிச் சிப்பிக்கு அழுத்தம் ஏறும், மூச்சும் வாங்கும். முழு உட்கார்தல் குனிவதைவிட அதிக சக்தி கேட்கிறது. களைத்ததும் ஆட்கள் குனிவதற்குத் திரும்புவது சோம்பலால் அல்ல, அதனால்தான். ஏற்கெனவே முட்டி தேய்ந்தவர்கள் மடக்குவதை இன்னும் குறைத்து, தொடைத் தாங்கலையும் சிறிய கட்டியையும் நம்பிச் செய்யலாம்.

திருப்பிப் போடுவது

பாத்தியை இரண்டாகப் பிரித்ததன் பலன் இங்கே. இடப்பாதியின் மேல்முனையில் ஓரடி அகலத்துக்கு ஒரு பள்ளம் எடுங்கள். அதிலிருந்து வரும் எழுபது கிலோ சொச்சம் மண்ணை வலப்பாதியின் மேல்முனைக்கு வெளியே குவித்துவிடுங்கள். உண்மையாக மண்ணைத் தூக்கி வேறிடத்தில் போடுவது இந்தப் பத்துப் பதினைந்து கட்டிகள் மட்டுமே. அதன்பிறகு ஒவ்வொரு வரிசையும் தனக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் கவிழ்கிறது. பின்னால் நடந்துகொண்டே இடப்பாதியை முடித்து, கீழ்முனையில் வலப்பாதிக்குத் திரும்பினால், வலப்பாதியின் முதல் மண் இடப்பாதியின் கடைசிப் பள்ளத்தை நிரப்பும். அப்படியே மேலே வந்தால் கடைசிப் பள்ளத்துக்கு அருகிலேயே குவியல் காத்திருக்கும். சட்டியில் மண் சுமக்கும் வேலையே இல்லை. முழு அகலத்துக்கும் ஒரே பள்ளம் எடுத்தால் நூற்றைம்பது கிலோவைப் பத்தடி தூரம் சுமந்தாக வேண்டும்.

புரட்டும்போது கட்டி தரைமட்டத்துக்கு ஒரு சாண் எழுந்தால் போதும். தொடையில் காம்பைச் சாய்த்தபடியே மணிக்கட்டைத் திருப்பிக் கவிழ்த்துவிடலாம். மார்பு வரை தூக்கி வீசுவது பார்க்க வேகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

குவியல் போடும்போது மட்டும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அப்போது முன் பாதத்தைக் குவியல் இருக்கும் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூக்குங்கள். பாதம் ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் இருக்க, வளைந்து முறுக்கிய முதுகில் பாரம் ஏறுவது முதுகெலும்பு வட்டுகளுக்கு மிக மோசமான நிலை. இடப்பாதியில் வலது கால் முன்னால் வைத்து வந்தால், வலப்பாதியில் இடது காலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரிசை கோணலாக வரும், வரட்டும்.

தொழுவுரத்தை அந்தந்தப் பள்ளத்தில் ஒரு பிடி கனத்துக்குத் தூவிவிட்டு அடுத்த வரிசையை அதன்மேல் கவிழ்த்தால் தனியாகக் கலக்க வேண்டியதில்லை. குனிந்து கையால் தூவாமல் சட்டியை இடுப்பில் வைத்துச் சரித்துவிடலாம்.

எவ்வளவு கனம், எவ்வளவு நேரம்

1900ஐ ஒட்டி அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் எஃப். டபிள்யூ. டெய்லர் என்ற பொறியாளர் ஷவலால் அள்ளும் தொழிலாளர்களை வைத்துச் சோதித்து, ஒரு அள்ளுக்கு 21 பவுண்டு, அதாவது 9.5 கிலோ, என்றால் நாள் முழுக்க அதிகச் சரக்கு நகர்கிறது என்று கண்டார். அது ஆலைக்கு லாபம் தரும் எண். அந்த எண் தினமும் அதே வேலை செய்து பழகிய உடம்புகளை வைத்து எடுத்தது; வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறு காலை ஸ்பேடு எடுக்கிறவருக்கு அது பொருந்தாது. பத்து சென்டிமீட்டர் தடிப்பில் வெட்டினால் கட்டி ஏழு கிலோவுக்குள் நிற்கும். பதினைந்து சென்டிமீட்டருக்குப் போனால் பத்துக் கிலோவைத் தாண்டும். தடவை எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் திணறுவீர்கள்.

நம் ஊரில் வெயிலுக்குப் பயந்து விடிந்ததும் மண்ணில் இறங்குவது வழக்கம். முதுகுக்கு அது நல்ல நேரம் அல்ல. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும்; எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் பகலில் குனிவதைவிட நிறைய அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, ஆறு மணிக்கு ஸ்பேடைத் தொட்டால் வெயிலும் வராது, வட்டும் இறங்கியிருக்கும்.

அதேபோல் நெடுநேரம் குனிந்து களை எடுத்த கையோடு தோண்டக் கூடாது. முழுக்கக் குனிந்து தொங்கும்போது முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிட்டு, பாரத்தை எலும்புகளைப் பிணைக்கும் நார்களிடம் விட்டுவிடுகின்றன. நார்கள் மெல்ல மெல்ல நீண்டு தளரும். நிமிர்ந்தவுடன் பழைய நிலைக்கு வந்துவிடாது. அந்த இடைவெளியில் பாரம் தூக்கினால் பிடிப்பு வரும். நாலைந்து நிமிடம் நிமிர்ந்து நடந்து, இடுப்பில் கை வைத்து லேசாகப் பின்னால் வளைந்துவிட்டு ஆரம்பியுங்கள். தோண்டும்போதும் இரண்டு மூன்று வரிசைக்கு ஒரு தடவை இதையே செய்யலாம்.

பழக்கமில்லாதவருக்கு இந்தப் பாத்தி இரண்டு காலை வேலை, ஒரு காலைக்கு ஒரு பாதி. எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரத்தைவிடத் தொடை நல்ல அளவுகோல். முன் முழங்காலை நிமிர்த்தும்போது தொடை நடுங்க ஆரம்பித்தால், அல்லது காம்பைத் தொடையில் வைக்காமல் கையாலேயே இரண்டு மூன்று கட்டி எடுத்துவிட்டீர்கள் என்று உணர்ந்தால், அன்றைக்கு அத்தோடு ஸ்பேடைக் கழுவி வைத்துவிடலாம். தொடை விட்ட வேலையை முதுகு எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மறுநாள் வலியும் ஒரு அறிக்கைதான். முன்தொடையும் பிட்டமும் வலித்தால் வேலை சரியான தசைக்குப் போயிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் சரியாகும். பெல்ட் கட்டும் இடத்தில் பட்டையாக இரண்டு பக்கமும் வலித்தால் குனிந்து தூக்கியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதத்தைத் திருப்பாமல் முறுக்கியிருக்கிறீர்கள், அல்லது ஒரே காலை முன்வைத்து முழுப் பாத்தியையும் முடித்திருக்கிறீர்கள். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலுக்குக் கீழே ஓடினால், காலில் மரத்துப்போன உணர்வோ பலக்குறைவோ இருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடையிடுக்கில் மரத்துப்போவதோ சிறுநீர் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவதோ இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பாத்தி முடிந்தபின் புரட்டிய மண் பழைய மட்டத்தைவிட நாலு அங்குலம் உயர்ந்து நிற்கும். கட்டிகளை உடனே உடைக்க வேண்டாம். இரண்டு நாள் வெயிலும் ஒரு தண்ணீரும் பட்டால் நீள்காம்பு வாரியின் முதுகால் நின்றபடியே தட்டி உதிர்த்துவிடலாம்.